குரல் தட்டச்சில் வந்த தகவலை அப்படியே மெருகேற்றாதீர்கள்

கஞ்சிக்கோட்டில் சிறு நிறுவனங்களுக்குக் கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொடுப்பது என் வேலை. குடோனிலிருந்தும் லாரியிலிருந்தும் சூப்பர்வைசர்கள் போனில் பேசிப் பேசியே டைப் செய்து அனுப்புவார்கள். அதை ஒழுங்கான ஆபீஸ் மொழியில் பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? போன வாரம் திண்டுக்கல்லுக்குப் போன சரக்கு ஒன்று, நல்ல நிலையில் இருந்த பெட்டிகளோடு வாளையார் வழியாகத் திரும்பி வந்து சேர்ந்தது. காரணம் ஒரு கடிதம். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத, மிக அழகான கடிதம். இது முதல் தடவையும் இல்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குடோனிலிருந்து ஆபீசுக்கு வந்த தகவல் இதுதான்:

"அக்கா வணக்கம் நேத்து போன லோடுல 23 பெட்டி நனைஞ்சிருக்கும் போல டிரைவர் சொன்னாரு தார்ப்பாய் கிழிஞ்சிருச்சாம் பார்ட்டி கிட்ட பேசிட்டேன் மதி பூரா திருப்பி அனுப்பவே நாம் சொல்லிட்டேன் செவ்வாய்க்கிழமை இல்ல புதன்கிழமை மாத்து பெட்டி அனுப்பிடலாம் வண்டி மாறும்"

ஆபீசில் இருந்த பெண் கெட்டிக்காரி. பத்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் கடிதம் தயார். தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "நேற்று அனுப்பிய சரக்கில் 23 பெட்டிகள் நனைந்துள்ளன. தார்ப்பாய் கிழிந்ததே இதற்குக் காரணம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மீதமுள்ள பெட்டிகள் அனைத்தையும் திருப்பி அனுப்பிவைக்கவும். மாற்றுப் பெட்டிகள் செவ்வாய்க்கிழமை அனுப்பப்படும்."

சூப்பர்வைசர் வாயால் சொன்னது வேறு. நனைந்தது "ரெண்டு மூணு பெட்டி". அதுவும் டிரைவர் சொல்லிக் கேட்டது, அவர் கண்ணால் பார்க்கவில்லை. "மீதி பூரா திருப்பி அனுப்ப வேணாம்னு" பார்ட்டியிடம் அவரே சொல்லியிருக்கிறார். மாற்றுப் பெட்டி போகவேண்டிய நாள் புதன்கிழமை.

திண்டுக்கல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. போனில் ஒருவர் ஏதோ சொன்னார், அப்புறம் ஆபீசிலிருந்து எழுத்தில் வேறு மாதிரி வந்தது. எழுத்தில் வந்ததைத்தானே நம்புவார்கள்? 23 பெட்டிக்கான பணத்தை நம் கணக்கில் கழித்து டெபிட் நோட் போட்டுவிட்டு, மீதியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்க வாடகையும் நம் தலையில்.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "போன் தப்பா எழுதிடுச்சுங்க, நாம என்ன பண்றது?" அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு எரிச்சல் வருவது அடுத்த வாக்கியத்தில்தான். "நல்லா எழுதுறப்ப அர்த்தம் தானா சரியாயிடும்." ஆகாது. ஒருநாளும் ஆகாது. குரல் தட்டச்சு தனக்குப் புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுக் காலியாக விடுவதில்லை. காதில் விழுந்த ஒலிக்கு நெருக்கமான வேறொரு நல்ல சொல்லை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். "மீதி" என்பது "மதி" ஆனது. "மதி" நல்ல தமிழ்ச் சொல். அதனால் எழுத்துப் பிழை பார்க்கும் எந்த வசதியும் அதன் கீழே சிவப்புக் கோடு போடாது. தவறு சரியான சொல்லின் உருவத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் மெருகேற்றாத தகவலில் ஒரு நன்மை உண்டு. "அனுப்பவே நாம் சொல்லிட்டேன்" என்று படித்தால் எங்கோ இடிக்கிறது என்று தெரியும். மெருகேற்றிய பிறகு அந்த இடிப்பு போய்விடும், தவறு மட்டும் அங்கேயே இருக்கும். கறை இருக்கிறதா என்று பார்க்காமல் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. "திருப்பி அனுப்பிவைக்கவும்" என்பதைப் படிக்கும் யாருக்கும் சந்தேகமே வராது. கையெழுத்துப் போடும் முதலாளிக்கும் வராது. ஆகவே சுத்தம் செய்வது ஒரு வேலை, மெருகேற்றுவது அதற்குப் பிறகு வரும் வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிற திறமைசாலிகளால்தான் எனக்கு அதிகத் தொல்லை.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? வந்த தகவலை வாய்விட்டுப் படியுங்கள், கொஞ்சம் வேகமாக, சொன்னவர் பேசுகிற மாதிரியே. கண்ணுக்கு "அனுப்பவே நாம்" என்று இரண்டு சொல்லாகத் தெரிவது, வாயில் வரும்போது "அனுப்பவேணாம்" என்று காதில் விழும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டில் பேச்சு பாதியில் மலையாளத்துக்குத் தாவும், தமிழில் வைத்த மைக் அதையும் தமிழாகவே எழுதப் பார்க்கும். "நாளெ வரும்" என்றது "நாலு வரும்" என்று வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு வரும் என்பது, நாலு வண்டி வரும் என்று கடிதமாகிவிடும். வாய்விட்டுப் படித்தால் இதுவும் பெரும்பாலும் பிடிபடும்.

பிறகு எண்கள். நாம் உத்தேசமாகப் பேசும் "ரெண்டு மூணு", "நாலஞ்சு", "ஏழெட்டு" எல்லாம் குரல் தட்டச்சுக்கு ஆபத்தானவை. அவற்றை இலக்கமாக மாற்றும்போது சில நேரம் இடைவெளி விட்டு 2 3 என்று போடும், சில நேரம் சேர்த்து 23 என்று போடும். அடுத்தடுத்த இலக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தால், 23, 34, 45, 78 என்று எதுவாக இருந்தாலும், முதலில் சந்தேகப்படுங்கள். உண்மையிலேயே 23 ஆகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வேலை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "அண்ணா, 23 பெட்டி சரிதானே?" என்று கேட்டால், லோடு ஏற்றிக்கொண்டிருக்கும் மனிதர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். "நனைஞ்சது ரெண்டு மூணா, இருபத்தி மூணா?" என்று கேளுங்கள். "மீதிப் பெட்டி அங்கேயே இருக்கட்டுமா, திரும்பி வரணுமா?" என்று கேளுங்கள். "ஆமா" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வாய்ஸ் நோட் என்றால் ஒலி இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். கீபோர்டு மைக்கில் பேசி டைப் செய்தால் அனுப்பியவரிடமும் உங்களிடமும் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். நாலு நாள் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

அடுத்தது "இல்ல". பேசும்போது நம்மை நாமே திருத்திக்கொள்ளவும் இதைச் சொல்கிறோம், மறுக்கவும் இதையேதான் சொல்கிறோம். குரலில் இருந்த நிறுத்தம் எழுத்தில் வராது, கமாவும் வராது. "செவ்வாய்க்கிழமை இல்ல புதன்கிழமை" என்றால் புதன் என்று திருத்தியதாகவும் இருக்கலாம், செவ்வாய் அல்லது புதன் என்று சொன்னதாகவும் இருக்கலாம். அந்தப் பெண் முதலில் கண்ணில் பட்ட கிழமையை எடுத்துக்கொண்டாள். பொதுவாகக் கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும் என்றாலும், தேதி என்று வந்துவிட்டால் ஊகம் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தேவையில்லாத சொற்களை எடுக்க வேண்டும். இங்கேயும் கை நீளக் கூடாது. "அப்புறம்", "வந்து", "அதாவது" எல்லாம் போகட்டும். ஆனால் "போல", "கிழிஞ்சிருச்சாம்" என்பதில் உள்ள "ஆம்", "டிரைவர் சொன்னாரு" ஆகியவை வெறும் பேச்சு வழக்கு இல்லை. சொல்பவர் நேரில் பார்க்கவில்லை என்பதற்கான சாட்சி அவை. "நனைஞ்சிருக்கும் போல" என்பதை "நனைந்துள்ளன" என்று எழுதினால், யாரோ சொன்ன தகவலை நாமே ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்குப் பணம் யார் தருவது என்ற பேச்சு வரும்போது அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

திண்டுக்கல் கடிதம் இப்படிப் போயிருந்தால் போதும்: "நேற்று அனுப்பிய சரக்கில் இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் நனைந்திருக்கலாம் என ஓட்டுநர் தெரிவித்தார். தார்ப்பாய் கிழிந்திருந்ததாகவும் கூறினார். பெட்டிகளைப் பார்த்துச் சரியான எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டுகிறோம். மற்ற பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. மாற்றுப் பெட்டிகள் புதன்கிழமை வேறொரு வண்டியில் அனுப்பப்படும்." இதில் எந்த அலங்காரமும் இல்லை. சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை, எண்ணிக்கை உறுதியாகவில்லை என்றால்? "நனைந்த பெட்டிகளின் எண்ணிக்கையை உறுதிசெய்து தெரிவிக்கிறோம்" என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். எண் இல்லாத கடிதத்தால் யாரும் டெபிட் நோட் போட முடியாது.

பேசி டைப் செய்யும் அண்ணன்மாரிடமும் கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன். "வேணாம்" என்று சொல்லாதீர்கள், "அனுப்பாதீங்க", "நிறுத்திடுங்க" என்று சொல்லுங்கள், அது அவ்வளவு எளிதில் திரியாது. "ரெண்டு மூணு" என்பதற்குப் பதில் "ரெண்டு அல்லது மூணு" என்று சொல்லுங்கள். மலையாளத்தில் பேசுவதென்றால் கீபோர்டை மலையாளத்துக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள். லாரி எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச வேண்டாம். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வண்டி நம்பரை மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள், கையால் டைப் செய்யுங்கள், இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். வண்டி மாறினால், சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில் பகுதி 'பி'யில் புது நம்பரைப் போட வேண்டும், அதை ஆபீசில் உங்கள் தகவலைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். நம்பரில் ஓரிரு எழுத்தோ இலக்கமோ மாறினால் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை என்று 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டி சுற்றறிக்கை வந்தது. அதற்கும் மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டிலும் 500 ரூபாய் வீதம் அபராதம் உண்டு, மாநிலம் தாண்டிப் போகும் சரக்குக்கு 1000 ரூபாய். அதற்கு மேல் மாறியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, வண்டி நின்றுவிடும். "ஏஜே" என்றது "ஏகே" ஆவதோடு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.