நாவல் படிக்கக் குறுஞ்செய்தி அனுமதி எதற்கு?

மயிலாடுதுறையில் ஒரு கிளை நூலகத்தில் பணிபுரிகிறேன். புத்தகம் எடுக்க வருபவர்களைவிடக் கைப்பேசியில் ஏதாவது சரிசெய்து தரச் சொல்லி வருபவர்கள் சில நாள்களில் அதிகமாக இருப்பார்கள். அவர்களுள் ஒருவர், தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரேடும் வவுச்சரும் காசோலையுமாகவே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். நாளிதழைத் தவிர வேறு எதையும் தொடர்ந்து படித்ததில்லை என்று அவரே சொல்வார். படிப்பதென்றால் தமிழின் முதல் நாவலிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்திருந்தார். 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’தான் அது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை இதே ஊரில் முன்சீப்பாக இருந்தவர் என்பது அவருக்குக் கூடுதல் காரணம்.

நூலகத்தில் அந்த நாவலின் அச்சுப் பிரதி இருந்தது. பொடி எழுத்து, கண்புரை அறுவைக்குப் பிறகு அந்த அளவு எழுத்தைத் தம்மால் அரைப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்றார். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்திருக்கிறார். அங்கே ஒருவர் தமக்கு எங்கிருந்தோ வந்த ஒரு கோப்பை முன்னனுப்பியிருந்தார். ஐயாயிரம் தமிழ் நாவல்கள், முற்றிலும் இலவசம், உடனே நிறுவிக்கொள்ளுங்கள் என்று அதன்மேல் எழுதியிருந்தது. கோப்பின் பெயர் .apk என்று முடிந்தது, அதாவது அது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு.

அவர் அதைத் தொட்டதும், இந்த மூலத்திலிருந்து செயலிகளை நிறுவ அனுமதியில்லை என்று கைப்பேசி தடுத்திருக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்பதும் செய்தியிலேயே படிப்படியாக எழுதப்பட்டிருந்ததால் அவரும் நீக்கிவிட்டார். செயலி நிறுவப்பட்டது. திறந்தவுடன் திரையில் தோன்றியது நாவல் பட்டியல் அல்ல, குறுஞ்செய்திகளை அனுப்பவும் பார்க்கவும் அனுமதிக்கலாமா என்ற கேள்வி. அங்கேதான் அவருக்குள் இருந்த வங்கிக்காரர் விழித்துக்கொண்டார். மறுத்தார். செயலி மீண்டும் கேட்டது. மறுபடியும் மறுத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்கு வந்துவிட்டார். “கதை படிக்கிறதுக்கு என் எஸ்எம்எஸ் எதுக்கும்மா?” என்றார்.

மின்னூல் படிப்பான் என்ற செயலிக்கு உண்மையில் தேவைப்படுவது மிகக் குறைவு. கைப்பேசியில் உள்ள ஒரு கோப்பைத் திறந்து அதிலுள்ள எழுத்துகளைத் திரையில் அடுக்க வேண்டும், படிப்பவர் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் குறுஞ்செய்தியும் வேண்டாம், தொடர்பு எண்களும் வேண்டாம், வரும் அறிவிப்புகளைப் படிக்கும் உரிமையும் வேண்டாம், Accessibility என்ற அமைப்பின் வழியாகத் திரை முழுவதையும் பார்த்து இயக்கும் உரிமையும் வேண்டாம். குறுஞ்செய்தி அனுமதி கிடைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உரியவரின் கண்ணில் படுவதற்கு முன்பே வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த மோசடிக் கோப்புகள் செய்ததும் இதைத்தான். நாவல் என்பது புதிய வேடம் மட்டுமே.

அவரது கைப்பேசியை நான் கையில் வாங்கவில்லை. ஓய்வூதியக் கணக்கு இருக்கும் கைப்பேசி உரியவரின் கையிலேயே இருக்க வேண்டும். நாம் பக்கத்தில் அமர்ந்து சொல்ல, அவர்தான் தொட வேண்டும். எங்கள் நூலகத்தில் இது எழுதப்படாத விதி. கொஞ்சம் நேரம் கூடுதலாகும் என்றாலும், அடுத்த முறை அவர் தாமே செய்துகொள்வார்.

முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். பிறகு அமைப்புகளில் அந்தச் செயலியைத் தேடி, எந்த அனுமதியும் அதற்குக் கிடைக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். அறிவிப்புகளைப் படிக்கும் உரிமை, Accessibility, Device admin apps ஆகிய மூன்று இடங்களிலும் அதன் பெயர் இல்லை. இந்த மூன்றையும் தனியே பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அனுமதிகளின் வழக்கமான பட்டியலில் இவை தெரிவதில்லை. நீக்கும் பொத்தான் வேலை செய்யாமல் மங்கலாக இருந்தால், பெரும்பாலும் Device admin apps-இல் அந்தச் செயலி இடம்பிடித்திருக்கும். அங்கே அதை அணைத்த பிறகே நீக்க முடியும். இவருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. செயலியையும், வாட்ஸ்அப்பிலும் பதிவிறக்கக் கோப்புறையிலும் கிடந்த .apk கோப்பையும் அழித்தோம். வாட்ஸ்அப்புக்கு அவர் திறந்துவிட்டிருந்த வழியையும் Install unknown apps என்ற இடத்துக்குப் போய் மூடினார். பலர் இந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறார்கள். கதவு திறந்தே கிடந்தால் அடுத்த கோப்பை அந்தத் தடை நிறுத்தாது. பிறகு இணைப்பை மீட்டு, பிளே ஸ்டோரில் Play Protect சோதனையை ஒருமுறை ஓட்டச் சொன்னேன், குறையேதும் காட்டவில்லை.

அவர் மட்டும் அந்த அனுமதியைக் கொடுத்திருந்தால் நடைமுறை வேறு. அப்போது செயலியை நீக்குவதோடு நிறுத்தக் கூடாது. வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து யூபிஐ, இணைய வங்கிச் சேவை இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டும். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்பதை *#21# அழுத்திப் பார்க்கலாம். திருப்பப்பட்டிருந்தால் ##002# அழுத்தினால் அது ரத்தாகும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனடியாகப் புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் முடக்க வேண்டியிருப்பதால் தாமதம் கூடாது.

அடுத்து முறையான படிப்பானைத் தேடினோம். பிளே ஸ்டோரில் தேடினால் மேலே வரும் ஓரிரு முடிவுகள் பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்களாக இருக்கலாம். பெயருக்கு அருகில் Sponsored என்று சிறிதாக எழுதியிருக்கும். அவற்றைக் கடந்து ReadEra என்ற செயலிக்கு வந்தோம். அதன் இலவசப் பதிப்பிலேயே விளம்பரம் கிடையாது, பதிவு செய்யச் சொல்லியும் கேட்பதில்லை. நிறுவுவதற்கு முன் About this app என்ற பகுதியில் அனுமதிகளின் பட்டியலைப் பார்க்கலாம் என்று காட்டியதும், மாதிரிக் கையொப்ப அட்டையோடு காசோலையை ஒப்பிடும் பழைய கவனத்தோடு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

நிறுவியதும் இதுவும் ஓர் அனுமதி கேட்டது. கைப்பேசியிலுள்ள கோப்புகளைப் பார்க்கும் அனுமதி. அவர் என்னைப் பார்த்தார். புத்தகங்களைத் தானாகத் தேடிப் பட்டியலிட வேண்டுமானால் இது தேவை. அதைக் கொடுக்க விருப்பமில்லையென்றால் கோப்பு மேலாளரில் நாவலைத் தொட்டு, இந்தச் செயலியில் திற என்று சொல்லலாம் என்றேன். யோசித்துவிட்டு அனுமதித்தார். உடனே பட்டியல் நிரம்பியது. ஓய்வூதியச் சீட்டு, மின்கட்டண ரசீது, மருமகனின் வங்கிக் கணக்கு அறிக்கை, ஒரு திருமணப் பத்திரிகை என்று கைப்பேசியில் இருந்த பிடிஎஃப்கள் எல்லாம் புத்தகங்களாக வரிசையில் நின்றன. நான் எத்தனை விளக்கியிருந்தாலும் கோப்பு அனுமதி என்றால் என்ன என்பது அவருக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது. நம்பகமான செயலிக்குக் கொடுத்தாலும் அது அகலமான அனுமதிதான்.

இனி நாவல். வேதநாயகம் பிள்ளை 1889இல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிடுவதால், இந்த நூலை மின்வடிவில் எவரும் வெளியிடலாம், எவரும் இறக்கிக்கொள்ளலாம். மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் பழந்தமிழ் நூல்களைப் பல ஆண்டுகளாக இப்படித் தந்துவருகின்றன. புத்தகக் கோப்பு பெரும்பாலும் .epub என்றோ .pdf என்றோ முடியும்; .apk என்று முடிவது எந்தப் பெயரில் வந்தாலும் புத்தகம் ஆகாது.

அவர் முதலில் பிடிஎஃப் கோப்பைத்தான் திறந்தார். அச்சுப் புத்தகத்தில் இருந்த தொல்லை இங்கே இன்னும் மோசமாக இருந்தது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், கைப்பேசித் திரை ஏறக்குறைய 7 செ.மீ. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிவிடுகிறது. விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்; ஒவ்வொரு வரிக்கும் வலப்புறமும் இடப்புறமும் இழுத்துக்கொண்டே நாவல் படிக்க முடியாது. ஈபப் கோப்பில் பக்கம் என்பது முன்கூட்டியே வரையப்பட்டதல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே உடைந்து திரைக்குள் அடங்கும்.

ஈபப்பைத் திறந்து எழுத்தளவைக் கூட்டினோம். வரி இடைவெளியையும் கூட்டச் சொன்னேன்; தமிழில் ‘கீ’யின் சுழி மேலேயும் ‘மூ’வின் சுழி கீழேயும் நீளுவதால், நெருக்கமான வரிகளில் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். வரிகளை இருபுறமும் சமமாக்கும் வசதியை அணைத்துவிட்டோம். ‘சொல்லிக்கொண்டிருக்கும்போது’ போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், மீதமிருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழுகிறது. பழைய அச்சு நடையில் புணர்ச்சியோடு சேர்ந்து நீளும் சொற்கள் அதிகம் என்பதால் இந்த நாவலில் அது இன்னும் உறுத்தும்.

வேறொரு நண்பர் அவருக்கு அனுப்பிவைத்திருந்த வேர்ட் கோப்பையும் சோதித்தோம். தலைப்பிருக்க வேண்டிய இடத்தில் gpujhg என்று தெரிந்தது. அது கெட்டுப்போன கோப்பு அல்ல. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ‘பிரதாப’. பாமினி இல்லாத கைப்பேசியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். இத்தகைய கோப்பைப் பார்த்ததும் படிப்பானில்தான் கோளாறு என்று நினைத்து வேறு செயலிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவுகிறவர்கள் உண்டு. மோசடிச் செயலி உள்ளே நுழைய அந்தச் சலிப்பும் வழிவிடும். எந்தப் படிப்பானும் அதைச் சரிசெய்யாது. யூனிகோடில் உள்ள கோப்பைத் தேடிக்கொள்ள வேண்டும், அல்லது எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இப்போது நாவலில் பாதிக்கு மேல் போய்விட்டார். நாயகி ஞானாம்பாள் வரும் இடங்களைப் பற்றி வாரம் ஒருமுறையாவது வந்து பேசுகிறார். இடையிடையே வரும் கிளைக்கதைகள் அதிகம் என்ற குறையும் அவருக்கு இருக்கிறது, எனக்கும்தான். தமக்கு வந்த அந்த .apk செய்தியை நீக்கும்படி குழுவில் எழுதினார். அனுப்பியவரையும் தொலைபேசியில் அழைத்து, அவர் அதை நிறுவியிருந்தாரா, எந்தக் கேள்விக்கு அனுமதி கொடுத்தார் என்று விசாரித்திருக்கிறார். அவர் கொடுத்திருந்தார். இருவரும் அன்றே வங்கிக்குப் போயிருக்கிறார்கள்.