சரம்: ஒரு பலகத்தின் நிழல் பத்துப் பலகங்களை எப்படிப் பாதிக்கிறது?

கூரைமேல் சூரிய மின்பலகங்களைப் பொருத்தும் தொழிலாளர்களிடம் அடிக்கடி கேட்கும் சொல் 'ஸ்ட்ரிங்'. "இது ஒரு ஸ்ட்ரிங், அது இன்னொரு ஸ்ட்ரிங்" என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவது, ஒரு பலகத்தின் நேர்முனையை அடுத்த பலகத்தின் எதிர்முனையோடு பிணைத்துக்கொண்டே போய், இறுதியில் மிஞ்சும் இரண்டு முனைகளை மட்டும் இன்வெர்ட்டருக்குக் கொண்டுவந்த பலகவரிசையை. இந்த வரிசையில் எல்லாப் பலகங்களின் மின்னழுத்தமும் கூடும். மின்னோட்டமோ முதல் பலகத்திலிருந்து கடைசிப் பலகம் வரை ஒன்றாகவே இருக்கும்.

இச்சொல் பழைய ஆங்கிலத்தில் கயிற்றையும் நாணையும் குறித்த 'ஸ்ட்ரெங்' என்பதிலிருந்து வந்தது. வலிமையைக் குறிக்கும் 'ஸ்ட்ராங்' இதற்கு உறவுச் சொல்; இழுத்தாலும் அறாத முறுக்கு என்பது இரண்டுக்கும் அடியில் இருக்கும் கருத்து. கயிற்றில் மணிகளைக் கோத்தபின் கயிற்றின் பெயரே மணிவரிசைக்கும் ஆயிற்று. பின்னர் மின்னியலாரும் அதை எடுத்துக்கொண்டனர்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. முதலாவது 'தொடர்'. பள்ளிப் பாடநூல்களில் 'தொடரிணைப்பு', 'பக்க இணைப்பு' என்பவை நன்றாக வேரூன்றிவிட்டன. ஆனால் தொடரிணைப்பு என்பது இணைக்கும் முறையின் பெயர். அம்முறையில் இணைந்து உருவான பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும். இரண்டாவது 'கோவை'. 'கோ' என்னும் வினையிலிருந்து பிறந்த, இலக்கணம் வழுவாத சொல்தான். ஆயினும் கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு "கோவையில் இரண்டு கோவை பழுது" என்று எழுதினால் படிப்பவர் மருதமலைக்கும் உக்கடத்துக்கும் இடையில் எங்கோ தேடப் போய்விடுவார். மூன்றாவது 'சரம்'. அம்பு என்று இதற்கு வேறொரு பொருள் உண்டென்றாலும், பூச்சரம், மணிச்சரம், பட்டாசுச் சரம் என்று அன்றாடம் புழங்குவதால் கோத்து நிற்பது என்ற பொருளே முதலில் தோன்றும். கணினித் தமிழில் எழுத்துவரிசைக்கும் இச்சொல்லே வழங்குகிறது. சர மின்னழுத்தம், இரட்டைச் சரம், உட்சரம் என்று மேலும் சொற்களைப் பெற்றுத் தரும் ஆற்றல் இதற்கு இருப்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன். இவற்றுள் 'உட்சரம்' என்பதுதான் நிழல் பற்றிய குழப்பத்தை அவிழ்க்கும் முடிச்சு.

அந்தக் குழப்பத்தை நான் நேரில் கேட்டது பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில். கூடத்துக்குச் சொந்தக்காரர் எனக்கு மாமா முறை. "ஏனுங் மாப்ள, ஒரு பேனல் மேல தண்ணித் தொட்டி நெழலு உளுந்தா பத்தும் படுத்துக்குமாமா? ஊடை அறுந்தா தறி நிக்கிற மாதிரின்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார். அவருடைய கூரையில் பத்துப் பலகங்கள் ஒரே சரமாக இருந்தன. மாலை மூன்றரை மணிக்குமேல் மேற்கே இருந்த தொட்டியின் நிழல் கடைசிப் பலகத்தின் ஓர் ஓரத்தில் ஏறும். அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் காட்டும் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். ஊடை உவமை அவருக்கு எளிதாகப் பொருந்திவிட்டது. ஆனால் அது பாதிதான் உண்மை.

மெய்யில் நடப்பது இது. ஒரு பலகம் தனிப்பொருள் அன்று. ஏறத்தாழ அரை வோல்ட் தரும் சிறு மின்கலங்களின் சரமே அது. மாமாவின் பலகங்கள் 72 கலங்கள் கொண்டவை. ஒரு கலம் தரக்கூடிய மின்னோட்டம் அதன்மேல் விழும் ஒளிக்கு நேர்விகிதமானது. எனவே நிழலில் அகப்பட்ட ஒரு கலம் 2 ஆம்பியர்தான் தரமுடியும், மற்றவை 5 ஆம்பியர் தர ஆயத்தமாக நிற்கின்றன என்றால், சரம் முழுவதும் 2 ஆம்பியருக்கு இறங்கவேண்டும். அல்லது மற்ற கலங்கள் அந்த ஒன்றை எதிர்த்திசையில் அழுத்தி, மின்சாரம் தருவதற்குப் பதிலாக மின்சாரத்தைத் தின்று சூடாகும் சுமையாக மாற்றிவிடும்.

இதைத் தடுக்கவே பலகத்தின் பின்புறப் பெட்டிக்குள் மூன்று டையோடுகள் வைக்கப்பட்டுள்ளன. 72 கலங்களும் 24, 24, 24 என்று மூன்று உட்சரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் உட்சரத்தின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டையோடு இருக்கும். இதை ஆங்கிலத்தில் 'பைபாஸ்' என்பார்கள். தமிழில் 'புறவழி டையோடு' என்பதே சரி. அவிநாசிக்குள் நெரிசல் என்றால் வண்டிகள் புறவழிச்சாலையில் போய்விடுகின்றன. அவிநாசியில் இறங்க வேண்டியவருக்கு மட்டுமே இழப்பு, ஈரோட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. அதுபோல 5 ஆம்பியரும் நிழல்பட்ட உட்சரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். இழப்பது அந்த 24 கலங்களின் மின்னழுத்தமும், டையோடு எடுத்துக்கொள்ளும் அரை வோல்ட் அளவும் மட்டுமே.

இனிக் கணக்கு. மாமாவின் பலகத்தில் பெயர்ச்சீட்டு 38 வோல்ட் என்று சொன்னாலும், வெயிலில் சூடேறிய பலகம் 33 வோல்ட் அளவில்தான் வேலை செய்யும். நிழல் ஏறுவதற்குச் சற்று முன் சரம் 330 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 1650 வாட். நிழல் ஓர் உட்சரத்தின் மேல் மட்டும் விழுந்தபின் புறவழி திறந்துகொண்டால், 330-இலிருந்து 11 வோல்ட்டும் அரை வோல்ட்டும் கழிந்து 318.5 வோல்ட், மின்னோட்டம் அதே 5 ஆம்பியர், திறன் ஏறத்தாழ 1592 வாட். இழப்பு 58 வாட், நூற்றுக்கு மூன்றரை.

அப்படியானால் மாமா கண்ட பாதிக்கும் மேற்பட்ட இழப்பு எங்கிருந்து வந்தது? புறவழி தானே திறப்பதில்லை என்பதில் இருக்கிறது விடை. சரத்திலிருந்து 2 ஆம்பியருக்குமேல் இழுத்தால்தான் அது திறக்கும். எவ்வளவு இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது இன்வெர்ட்டர். நிழல்பட்ட சரத்தின் திறனை மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு மலைக்குப் பதிலாக இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று 318 வோல்ட் பக்கத்தில் 1592 வாட் உயரமுள்ளது. மற்றொன்று 365 வோல்ட் பக்கத்தில், 2 ஆம்பியரில், 730 வாட் மட்டுமே உயரமுள்ள குன்று. இன்வெர்ட்டரில் உச்சத் திறனைத் தேடும் பகுதி, மின்னழுத்தத்தைச் சிறிதளவு மாற்றிப் பார்த்து, திறன் கூடினால் அதே திசையிலும் குறைந்தால் எதிர்த்திசையிலும் நகரும். அது பெரும்பாலும் உயர்ந்த மின்னழுத்தத்திலிருந்து இறங்கி வருவதால் முதலில் எதிர்ப்படுவது குன்றே. குன்றின் உச்சியில் நின்றபின் எப்பக்கம் அடியெடுத்தாலும் இறக்கம்தான்; அங்கேயே நின்றுவிடும். 1650 எங்கே, 730 எங்கே! பத்தும் படுத்துக்கொண்டது என்று மாமாவுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இன்வெர்ட்டர் எந்த மேட்டில் நிற்கிறது என்பதை அறியத் தனிக்கருவி தேவையில்லை. அதன் திரையில் சரத்தின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரியும். நிழலின்போது மின்னழுத்தம் ஒரு பலகத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்து, மின்னோட்டம் மாறாமல் இருந்தால் புறவழி தன் வேலையைச் செய்கிறது. மின்னழுத்தம் கூடி, மின்னோட்டம் சரிந்தால் இன்வெர்ட்டர் பொய்க்குன்றில் நிற்கிறது. மாமாவின் திரையில் 364 வோல்ட்டும் 2 ஆம்பியரும் தெரிந்தன. நிழல் வரும்வரை காத்திருக்க இயலாதவர், நல்ல வெயில் நேரத்தில் ஓர் அட்டைத் துண்டால் ஒரு பலகத்தின் ஒரே ஒரு கலத்தைப் பாதிக்குச் சற்று மேலாக மூடிவிட்டும் இதைச் சோதிக்கலாம். ஆனால் மின்சாரம் ஓடும்போது பலகங்களுக்கிடையிலான இணைப்பியைக் கழற்றிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். நேர்மின்னோட்டத்தின் தீப்பொறி எளிதில் அணையாது.

பல இன்வெர்ட்டர்களில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மின்னழுத்தம் முழுவதையும் துழாவி, எல்லா மேடுகளையும் பார்த்துவிட்டு உயரமானதைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. ஆனால் அமைப்பில் அது முடக்கப்பட்டிருக்கவும் கூடும். மாமாவின் கூடத்தில் நடந்தது அதுதான். பொருத்தியவர் வந்து அதை இயக்கியபின், மறுநாள் மாலை திரையில் 319 வோல்ட் தெரிந்தது. தொட்டியை இடம் மாற்றும் திட்டம் கைவிடப்பட்டது. பலகத்தின் உச்சத் திறனை அந்தந்தப் பலகத்திலேயே தேடும் ஆப்டிமைசர் என்னும் கருவியை ஒவ்வொரு பலகத்துக்கும் தனித்தனியே வைக்கச் சொல்லி ஒருவர் விலைச்சீட்டு கொடுத்திருந்தார். ஒரு மூலையில் ஒன்றரை மணி நேரம் விழும் நிழலுக்கு அது கொசுவை அடிக்க உலக்கை எடுத்த கதை என்பது என் கருத்து.

ஆயினும் மாமாவின் ஊடை உவமை முழுவதும் மெய்யாகிவிடும் இடங்கள் உண்டு. கலங்களைப் பாதியாக வெட்டாத முழுக்கலப் பலகத்தில் உட்சரங்கள் பலகத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கைப்பிடிச்சுவரின் நிழல் எல்லாவற்றின் அடிவரிசையிலும் நான்கு விரல் அளவு ஏறினால், ஒவ்வொரு பலகத்திலும் மூன்று உட்சரங்களும் ஒருசேர நிழல்படும். சுற்றிக்கொண்டு போனால் மிஞ்சுவதற்கு எதுவும் இல்லாததால், எந்தத் துழாவலும் அங்கே உதவாது. அதே பலகங்களைப் படுக்கைவாக்கில் கிடத்தியிருந்தால் கீழ் உட்சரம் ஒன்று மட்டுமே போய், மூன்றில் இரு பங்கு பிழைத்திருக்கும். பாதியாக வெட்டிய கலங்கள் கொண்ட புதிய பலகங்களில் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் பக்க இணைப்பில் இருப்பதால், நெட்டுக்குத்தாக நின்றாலும் அடிநிழலின்போது மேற்பாதி தன் பங்கான அரை மின்னோட்டத்தைத் தந்துகொண்டிருக்கும்.

புறவழி டையோடே பழுதானால் குறி வேறு. அது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டால், நிழலே இல்லாத நண்பகலிலும் அந்தப் பலகத்தின் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தே இருக்கும். அறுந்துபோயிருந்தால் நிழல் விழும்வரை ஒன்றும் தெரியாது. விழுந்தபின் சரம் முழுவதன் அழுத்தமும் நிழல்பட்ட கலத்தின்மேல் இறங்கி, பலகத்தின் பின்தாளில் பழுப்பேறிய கருகல் தழும்பாக வெளிப்படும். விசைத்தறிக் கூடங்களின் பஞ்சுத் தூசியைவிட, வாரக்கணக்கில் ஒரே கலத்தில் காய்ந்து கிடக்கும் காக்கை எச்சம் இந்தத் தழும்புக்கு விரைவில் வழிகாட்டும். தூசி எல்லாக் கலங்களையும் ஏறக்குறைய சமமாக மங்கச் செய்யும். எச்சமோ ஒரே ஒரு கலத்தைத் தனித்துப் பிடிக்கும்.