"பில்லிலேயே எல்லாம் இருக்கே அக்கா!"

பில் பணம் வரவில்லை என்று இந்த சீசனில் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். கோத்தகிரிப் பக்கம். கம்பெனிகளின் கெஸ்ட் ஹவுஸ்களுக்குத் தோட்டப் பராமரிப்பு செய்கிறார். குன்னூரில் என் அலுவலகப் படியேறும்போதே, "கோயம்புத்தூர்க் கம்பெனி ஏமாத்திடுச்சு அக்கா, பில் போட்டு எழுபது நாளாச்சு, வக்கீல் நோட்டீஸ் விடணும்" என்றார்.

நோட்டீஸ் இருக்கட்டும் தம்பி, பில் அனுப்பிய மெயிலைக் காட்டுங்கள் என்றேன். தலைப்பு: "பில்". இணைப்பு: scan0012.pdf. உள்ளே ஒரு வார்த்தைகூட இல்லை. கெஸ்ட் ஹவுஸ் மேனேஜருக்கு மட்டும் போயிருக்கிறது.

அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு நானே போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல மாதிரி. "மேடம், வொர்க் ஆர்டர்ல 60,000. பில்லுல 70,800. ஏன்னு கேட்டு மூணாவது நாளே பதில் போட்டோம். அவர் வாயே திறக்கலை. ஒதுக்கி வெச்சிருக்கோம்" என்றார். அந்தக் கேள்வி இவருடைய மகனின் இன்பாக்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. மெயில் ஐடி மகனுடையது, மகன் காலேஜ் ஹாஸ்டலில். 60,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 10,800, சேர்த்தால் 70,800. வரி தனி என்று வொர்க் ஆர்டரின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

"பில்லிலேயே எல்லாம் இருக்கே, மெயில்ல வேற எழுதணுமா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆமாம், எழுதணும். உங்கள் பில்லை முதலில் பார்ப்பவர் பணம் போடுபவர் அல்ல. மேனேஜர் அதைப் போனில் பார்க்கிறார், பிடிஎஃபைத் திறப்பதுகூட இல்லை, அப்படியே கணக்குப் பிரிவுக்குத் தள்ளுகிறார். அங்கே ஒருவர் நாளைக்கு எத்தனையோ பில்களைப் பதிவு செய்கிறார். எது அவசரம், எது சந்தேகம் என்று அவர் பிரிப்பது மெயிலின் முதல் இரண்டு வரியை வைத்து. மூன்று வாரம் கழித்து நீங்கள் போன் செய்யும்போது அவர் உங்கள் பில்லைத் தேடுவதும் மெயிலில்தான். தேடல் பெட்டியில் உங்கள் பெயரையோ பில் எண்ணையோ தட்டுவார். ஸ்கேன் செய்த பில் வெறும் படம், அதற்குள் இருக்கும் எழுத்து தேடலில் பெரும்பாலும் சிக்காது. scan0012 என்ற பெயரில் இருப்பது உங்கள் பில் என்று அவருக்கு ஜோசியமா தெரியும்? பில் சட்டத்துக்கான காகிதம். மெயில், அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மனிதருக்குச் சொல்வது. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்றாகாது.

சரி, என்ன எழுதுவது? முதலில் தொகை. மொத்தத்தை மட்டும் போட்டால் இவருக்கு நடந்ததுதான் நடக்கும். வேலைக்கான தொகை, வரி, மொத்தம் என்று பிரித்து, கூடவே வொர்க் ஆர்டர் எண்ணையும் எழுதுங்கள். ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அந்தப் பிடித்தம் 60,000 மீது மட்டும், 70,800 மீது அல்ல. கைக்கு வரவேண்டியது 70,200. அதையும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது கெடு தேதி. "30 நாட்களுக்குள்" என்று எழுதாதீர்கள். எதிலிருந்து 30 நாள்? பில் தேதியிலிருந்தா, மெயில் போன நாளிலிருந்தா, மேனேஜர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தா? ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். தேதியையே எழுதுங்கள், அதுவும் மாதத்தை எழுத்தில். 04/06 என்றால் ஏப்ரல் ஆறு என்று படிக்கிறவர்களும் உண்டு.

உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்காரர் என்றால், அந்த எண்ணைப் பில்லிலும் மெயிலிலும் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்களை இழுத்தடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தால், அந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுக்கும் வரை வாங்கியவர் அதை வருமான வரிக்கான செலவுக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது கம்பெனி ஆடிட்டர்கள் இந்த எண்ணைத்தான் தேடுவார்கள். (வாங்கி விற்கும் வியாபாரிகளே, இந்த வசதி உங்களுக்கு இல்லை. என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.)

பணம் போடும் வழி ஒன்றே ஒன்று இருக்கட்டும். வங்கிக் கணக்கு, யுபிஐ, காசோலை என்று மூன்றையும் அடுக்கினால், எது என்று கேட்க இன்னொரு மெயில் வரும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டைக் கையால் தட்டாமல் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். அதன் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். ஆங்கில 'ஓ' என்று அடிப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கணக்கு எண் மாறவில்லை என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் மெயிலுக்குள் எவனாவது புகுந்தால், முதலில் செய்வது "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் எழுதுவதுதான். பணம் அங்கே போய்விட்டால் திரும்பப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

கடைசியாக, கேள்வி கேட்க ஒரு வரி. தோட்டச் சரிவில் நிற்கும்போது சிக்னல் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும், கோயம்புத்தூரில் ஏசி அறையில் இருப்பவருக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று எழுதுங்கள், வீட்டில் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். மெயிலை நீங்களே தினம் ஒரு தடவையாவது திறங்கள். மகனுடைய ஐடி வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கு என் மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினோம். கணக்குப் பிரிவுக்கு நேரடியாக, மேனேஜருக்கு நகல். அடுத்த பில்லுக்கும் பில் எண், மாதம், தேதிகளை மட்டும் மாற்றி இதையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்:

தலைப்பு: பில் எண் 14 – தோட்டப் பராமரிப்பு, குன்னூர் – ரூ. 70,800 – கெடு ஜூன் 4

வணக்கம். ஏப்ரல் மாதப் பராமரிப்புக்கான பில் எண் 14 (மே 5 தேதியிட்டது) இணைத்துள்ளேன். உங்கள் வொர்க் ஆர்டர் எண்: ____.
வேலைக்கு ரூ. 60,000, ஜிஎஸ்டி ரூ. 10,800, மொத்தம் ரூ. 70,800. டிடிஎஸ் ரூ. 600 போக வரவேண்டியது ரூ. 70,200.
ஜூன் 4-க்குள் பில்லில் உள்ள வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பவும். கணக்கு எண் மாறவில்லை. மாறியதாக மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என் எண்ணில் கேட்காமல் பணம் போட வேண்டாம்.
சந்தேகம் இருந்தால் மாலை 5 மணிக்கு மேல் ____, மற்ற நேரம் வீட்டில் ____.

பழைய பில்லுக்கு இது தாமதம்தான், அதனால் கெடுவை மட்டும் அன்றிலிருந்து ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். ஆறாவது நாள் பணம் ஏறியது. உடனே எனக்குப் போன்: "அக்கா, அறுநூறு ரூபா குறையுதே!"

மெயிலில் டிடிஎஸ் வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.