ஒரே சமையலறையில் நாலு இரும்பு

மயூர் விஹாரில் இருக்கும் என் மாமனாருக்கு 66 வயது. இரண்டு மாதமாக மலச்சிக்கல், மலம் கறுப்பு. மருத்துவர் முதலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று அடுத்துக் கேட்டார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து இரும்புச்சத்துக் கணக்குப் போட்டோம்.

உப்பு பாக்கெட்டில் அயோடினோடு இரும்பும் சேர்த்திருந்தது. இவ்வகை உப்பில் கிலோவுக்கு 850 முதல் 1,100 மில்லிகிராம் இரும்பு இருக்கலாம். தினம் 8 கிராம் உப்பு உள்ளே போனால், குறைந்தது 7 மில்லிகிராம். ரேஷன் அரிசி செறிவூட்டியது, கிலோவுக்கு 28 மில்லிகிராமிலிருந்து தொடங்கும். அவர் சாப்பிடும் 200 கிராமுக்கு 6 என்று வையுங்கள். காலையில் பாலில் போடும் கார்ன்ஃபிளேக்ஸ், அதன் லேபிள்படி 40 கிராமுக்கு 8. பாலில், செறிவூட்டியது என்று காட்டும் +F முத்திரை இருந்தது. ஆனால் அதில் சேர்ப்பது வைட்டமின் ஏ, டி. இரும்புக் கணக்கில் அது வராது.

மாத்திரைதான் ஏமாற்றியது. 'ஃபெரஸ் ஃபியூமரேட் 60 மி.கி.' என்று எழுதியிருந்தது. அது இரும்பு கலந்த வேதிச் சேர்மத்தின் மொத்த எடை. அதில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு, அதாவது 20. ஆகமொத்தம் 41. பருப்பு, கீரையில் இயல்பாக உள்ள 12-ஐயும் சேர்த்தால் 53.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, ஆண்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 19 மில்லிகிராம். உச்சவரம்பு 45. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் பங்கை மட்டும் சொல்கிறது, அதுவும் ஒன்று கிலோவுக்கு, ஒன்று 100 கிராமுக்கு, ஒன்று மாத்திரைக்கு. கூட்டிச் சொல்ல எந்த லேபிளுக்கும் வழியில்லை.

சரி, 53 என்றால் விஷமா? இல்லை. இரும்பு இருப்பு நிறைந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலின் கதவைச் சாத்திவிடும். உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கி மலத்தைக் கறுப்பாக்குகிறது, வயிற்றைக் கட்டுகிறது. உச்சவரம்பை வகுத்ததே பெரும்பாலும் இந்த வயிற்றுத் தொல்லைகளை வைத்துத்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஹெப்சிடின் குறைவு. கதவு சாத்தாது, இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியும்.

உடலில் இருப்பு எவ்வளவு என்று அறிய ஃபெரிட்டின் பரிசோதனை உண்டு. ஆனால் சளி, காய்ச்சல், மூட்டுவீக்கம் இருக்கும்போது எடுத்தால் இரும்பு கூடாமலேயே எண் ஏறிக் காட்டும்.

மாமனாருக்கு ஃபெரிட்டின் குறையவில்லை, ரத்தசோகையும் இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். கணக்கு 33-க்கு இறங்கியது. "உப்பையும் மாத்தணுமா?" என்றார் மாமனார். வேண்டாம், அது 7 தான்.