வெட்டிய மாத்திரை அட்டையும் "இதைப் போடலாமா?" என்ற கேள்வியும்

ரங்கூனில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு வைபரில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கத்தரியால் வெட்டிய பாதி அட்டை, மேலே விளக்கின் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போன எழுத்து, கீழே "இதைப் போடலாமா?" என்ற ஒற்றை வரி. இங்கே மருந்துக்கடைகளில் தேவைப்பட்ட அளவுக்கு அட்டையை வெட்டிக் கொடுப்பது வழக்கம். சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவரும் அட்டையும் இரண்டு வீடுகளுக்குப் பங்காகும். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த முனை யார் வீட்டுக்குப் போனதோ அவர்களிடம்தான் தேதியும் இருக்கும்.

2025 ஜூனில் ஒரு பெண் அனுப்பிய படத்தைச் சொல்கிறேன். அவருடைய அம்மாவுக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் இரவில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் போட்டு வந்தார். இரவு மாத்திரை தீர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த சித்தி கொடுத்த ஐந்து மாத்திரைகளின் முன்பக்கத்தில் ஏதோ ஒரு வணிகப் பெயரும் அதன் அருகே 40 என்ற எண்ணும் தெரிந்தன. "அக்கா, இதுவும் நாற்பதுதானே, அம்மா போடலாமா?" என்று கேட்டிருந்தார்.

முன்பக்கத்து எண்ணை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபிளாஷ் போடாமல், கறுப்புத் துணியின் மேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மை இல்லாமல் அழுத்திப் பதித்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அந்தப் படத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும்" என்று தொடங்கும் சிறிய வரிகளில் இரண்டு மருந்துகள் இருந்தன: டெல்மிசார்டன் 40, அதனுடன் அம்லோடிபின் 5. வணிகப் பெயரின் வாலில் ஒட்டியிருந்த இரண்டெழுத்துதான் இந்தக் கூட்டைச் சொல்வது. கத்தரி அதன் மேலேயே ஓடியிருந்தது.

இதை இரவில் போட்டு, காலை மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டால் அம்லோடிபின் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு அதுவே ஒரு நாளின் உச்ச அளவு. மருத்துவர் படிப்படியாக உயர்த்த வேண்டிய அளவு அது. யாரும் தீர்மானிக்காமலே 68 வயதுக்காரரின் உடலில் அது சேரும்போது கணுக்கால் வீங்கலாம், எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம்.

அடுத்து, "ஏற்கெனவே எத்தனை போட்டார்கள்?" என்று கேட்டேன். என் அனுபவத்தில் "போடலாமா" என்று கேட்பவர்களில் பலர் அதற்குள் ஒன்றிரண்டைப் போட்டிருப்பார்கள். இங்கேயும் இரண்டு இரவுகள் போயிருந்தன. அன்று காலை கட்டிலிலிருந்து எழுந்தவருக்குத் தலை சுற்றியதாம். உட்கார வைத்து அளந்தபோது 104/62 இருந்தது. காலை மாத்திரையை அவர் இன்னும் போட்டிருக்கவில்லை. அதை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழைக்கச் சொன்னேன். அதற்கு மேல் எந்த மாத்திரையைத் தொடர்வது, எதைக் குறைப்பது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அன்றைய காலை மாத்திரையை விட்டுவிடவும், இரவிலிருந்து தனி டெல்மிசார்டனுக்குத் திரும்பவும் மருத்துவர் சொன்னார்.

தேதி முனை சித்தியிடம் இருந்தது. அவர் தொலைபேசியில் "08/2024" என்று படித்துவிட்டு, "காலாவதியான மாத்திரையையா கொடுத்துவிட்டேன்" என்று பதறினார். அது தயாரிப்புத் தேதி. அதற்குக் கீழே காலாவதி 07/2026 என்று இருந்தது. இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நெருக்கமாகப் பொறிக்கப்படுவதால், ஒரு தேதியை மட்டும் படித்துச் சொன்னால் அது எந்தத் தேதி என்று கேட்காமல் நான் விடுவதில்லை. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். 07/2026 என்பது ஜூலை 31 வரை செல்லும்.

ஆனால் அந்தத் தேதி, மூடிய அட்டைக்குள் இருக்கும் மாத்திரைக்கு மட்டுமே உரியது. டெல்மிசார்டன் காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். விழுங்கும் நேரத்தில்தான் அதை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். ரங்கூன் மழையில் உப்பே கசிந்து நிற்கிறது, மாத்திரை எம்மாத்திரம். சிறு பிளாஸ்டிக் பையில் உதிரியாகக் கொடுத்ததையும், வெட்டும்போது குழியின் ஓரம் கிழிந்ததையும், தேதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

இந்தப் படம் இரத்த அழுத்த மாத்திரையாக இருந்ததால் இன்னும் சிலவற்றைக் கேட்டேன்: சிறுநீரகக் கோளாறு உண்டா, பொட்டாசியத்தை உயர்த்தும் வேறு மருந்து ஏதும் போடுகிறாரா, மூட்டுவலிக்கு வலிமாத்திரை தொடர்ந்து போடுகிறாரா. இளம்பெண் கேட்டிருந்தால் கர்ப்பமா என்பதுதான் முதல் கேள்வி, ஏனெனில் டெல்மிசார்டன் கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யும். இவற்றுக்கான விடை எந்த அட்டையிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆகவே இப்போதெல்லாம் படம் கேட்கும்போதே, வீட்டில் அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே மேசையில் பரப்பி, பின்பக்கம் மேலே தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். இந்த அம்மாவின் அட்டைகளையும் பிறகு அப்படிப் பரப்பியபோது, இரண்டு அம்லோடிபின்கள் அருகருகே கிடந்ததை மகளே கண்டுகொண்டார்.