ஸ்மட்ஜ்: மங்கலா, தேய்ப்பா?

போன மாதம் ஹட்டனில் ஒரு தம்பி தன் அப்பாயியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கருமாதிக்குச் சட்டம் போட்டு வைக்க வேண்டும். இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதை ஸ்கேன் செய்து, பென்சிலால் வரைந்த ஓவியம் போல மாற்றப் பார்த்திருக்கிறான். முகக் கோடுகள் நன்றாகத்தான் வந்திருந்தன. கன்னமும் நெற்றியும் மட்டும் ஆடி மாத மூடுபனியில் நிற்பவரைப் பார்ப்பது போல இருந்தன.

"மங்கல் போட்டேன் அண்ணே. நோட்ஸில் அப்படித்தான் இருக்கு."

நோட்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு கணினிப் பயிற்சி வகுப்பில் கொடுத்தது. நான்காம் படியில் "மறைநிலைப் பிரதியை மங்கலாக்குக". ஏழாம் படியில் "கன்னப் பகுதியை மங்கலாக்குக". நான்காவது, ஆங்கிலத்தில் பிளர். ஏழாவது, ஸ்மட்ஜ். இரண்டு வேலை, இரண்டு கருவி, ஒரே தமிழ்ச் சொல். தம்பி இரண்டு இடத்திலும் Gaussian Blur போட்டிருக்கிறான். சொன்னதைத்தான் செய்திருக்கிறான். இதே சொல்லாட்சியை இந்த வருடம் மட்டும் நாலைந்து இடங்களில் கேட்டுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்மட்ஜ் ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் சொல். முதலில் அழுக்காக்குவது, கருக்கச் செய்வது என்ற பொருளில்தான் வழங்கியது. அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பது தெளிவில்லை. ஓவியர்கள் அதைப் பென்சில் தடத்தை விரலாலோ காகிதச் சுருளாலோ தேய்த்துப் பரப்புவதற்கு எடுத்துக்கொண்டார்கள். படத் திருத்த மென்பொருள்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. கருவிப் பட்டியில் அதன் படம் நீட்டிய விரல். மொழிபெயர்த்தவர் அந்த விரலைப் பார்த்திருந்தாலே போதும்.

ஏன் மங்கல் இல்லை? பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, பென்சிற்கரி. நம் நாட்டில் போகலையிலும் கஹட்டகஹாவிலும் தோண்டி எடுக்கிறார்களே, அதே பொருள்தான், களிமண் சேர்த்துச் சுட்டது. அதன் கார்பன் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் எழுதவும் முடிகிறது, தேய்த்தால் பரவவும் செய்கிறது. இனி காகிதத்தை நினையுங்கள். ஓவியத் தாள் சொரசொரப்பானது. கிட்டத்தில் பார்த்தால் மேடும் பள்ளமும். பென்சிலை லேசாக ஓட்டினால் கரி மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். தேய்க்கும்போது மேட்டிலுள்ள கரி இழுபட்டுப் பள்ளத்தை நிரப்புகிறது. புள்ளிகள் மறைந்து, ஒரே சீரான சாம்பல் நிறம் வருகிறது. அதில் கை போன திசையும் தெரியும்.

மங்கலில் இது எதுவும் நடப்பதில்லை. மங்கல் பார்வையின் குறை: கண்ணாடி இல்லாதபோது பார்ப்பது, ஃபோக்கஸ் தவறிய கமரா. அதற்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கலங்கும். ஒரு பொருளை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும் இல்லை. பிளருக்கு மங்கல் நல்ல சொல், அதை நான் குறை சொல்லவில்லை. பென்சில் ஓவிய வேலையில் பிளர் கட்டாயம் தேவை என்பதால்தான், ஸ்மட்ஜுக்கும் அதையே கொடுக்கக் கூடாது என்கிறேன்.

தம்பியின் படத்தை வைத்தே சொல்கிறேன். அடையாள அட்டைப் படம் 35க்கு 45 மில்லிமீட்டர். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 827க்கு 1063 பிக்சல். GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் முதலில் Desaturate கொடுத்து நிறத்தை எடுத்தோம். அந்த லேயரை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒதுக்கி வைத்தோம். மற்றதை Invert செய்து கருப்பு வெள்ளையாக, வெள்ளை கருப்பாக மாற்றி, Gaussian Blur சுமார் 8 பிக்சல் கொடுத்து, கலப்பு முறையை Dodge என்று மாற்றினோம். தட்டையான பரப்பெல்லாம் வெளுத்து, ஓரங்கள் மட்டும் பென்சில் கோடாக நின்றன. மங்கலின் வேலை இங்கே முடிந்துவிட்டது.

ஆனால் முகத்தில் இப்போது சதை இல்லை, கோடுகள்தான் இருக்கின்றன. ஒதுக்கி வைத்த பிரதியை மேலே கொண்டுவந்து, கீழே இருப்பதைக் கருமையாக்கும் Multiply முறையில் 40 வீத அடர்த்தியில் வைத்தோம். அது சாயை. அந்த லேயரில்தான் Smudge கருவி, அதுவும் Rate 35 அளவில்: கன்ன எலும்பிலிருந்து காதை நோக்கி, நெற்றியில் குறுக்காக, முகத்தின் வளைவோடு சேர்த்து இழுத்தோம்.

கடைசியில் காகிதச் சொரசொரப்பு. வெற்று ஓவியத் தாளை ஸ்கேன் செய்து, எல்லாவற்றுக்கும் மேலே Multiply-இல் போட வேண்டும். தம்பி முதல் முயற்சியில் தாளையும் சேர்த்து ஒரே லேயராக்கிவிட்டு அதன் மேல் ஸ்மட்ஜ் செய்து பார்த்திருக்கிறான். தாளின் புள்ளிகள் கோடு கோடாக இழுபட்டு, காகிதமே உருகியது போல ஆகிவிட்டது. தேய்ப்பது என்று சொல்லியிருந்தால் "எதைத் தேய்ப்பது?" என்ற கேள்வி தானாக வந்திருக்கும். கரியைத் தேய்க்கலாம், தாளைத் தேய்த்துப் பரப்ப முடியாது. தேய்த்த இடத்தில் பள்ளம் நிரம்பிவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் தாள் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, கன்னத்தில் மட்டும் சொரசொரப்பைப் பாதியாகக் குறைத்தோம். எல்லா இடத்திலும் ஒரே அளவு புள்ளி தெரிந்தால், அது ஃபில்டர் வேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் 'இழுகல்' என்றார். பழைய சொல், பொருளும் அருகில்தான். ஆனால் எங்கள் பக்கம் பொட்டு இழுசிவிட்டது, மை இழுசிவிட்டது என்றால் அது கைதவறி நடந்த கெடுதல். வேண்டுமென்றே கணக்காகச் செய்வதற்கு அது பொருந்தாது. ஓவியத்தில் தெரியாமல் கைபட்டுக் கெட்ட இடத்தை இழுசல் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு சொல் தேவைதானே. 'கறைப்படுத்தல்' என்று இன்னொரு நோட்ஸில் பார்த்தேன். அப்பாயி முகத்தைக் கறைப்படுத்தச் சொன்னால் யார் செய்வார்கள்?

தேய்ப்பு என்றால் அழிப்பது போலத் தோன்றுகிறதே என்றும் சேர் கேட்டார். நியாயம்தான், நிலாவும் செருப்பும் தேய்ந்து குறைகின்றன. ஆனால் தலையில் எண்ணெய் தேய்த்தால் அது குறைவதில்லை, பரவி ஊறுகிறது. தேய்தல் தானாகக் குறைவது, தேய்த்தல் கையால் செய்வது. ஸ்மட்ஜ் இரண்டாவது வகை.

அதே நோட்ஸில் பேப்பர் கிரெய்ன் என்பதைக் 'காகிதத் தானியம்' என்று போட்டிருந்தார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதியவர் ஒரு நாளாவது 4பி பென்சிலைத் தாளில் உரசிப் பார்த்திருந்தால் சொரசொரப்பு என்ற சொல் விரலிலேயே கிடைத்திருக்கும். இப்படி மொழிபெயர்ப்பதைவிட ஸ்மட்ஜ், கிரெய்ன் என்று தமிழ் எழுத்தில் அப்படியே விட்டிருக்கலாம். பிள்ளைகள் குறைந்தது சரியான பட்டனையாவது அழுத்துவார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் எடுத்தான். வீட்டில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறான்.

"தேய்ப்பு நல்லா வந்திருக்கு அண்ணே. ஆனா தேய்ச்சதுல அப்பாயியோட மூக்குத்தி போயிருச்சு."

மூக்குத்தியின் மினுக்கத்தைத் தேய்க்கக் கூடாது, கண்மணியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியையும் அப்படித்தான். சாயை லேயரில் அந்த இடத்தை மட்டும் சின்னத் தூரிகையால் வெள்ளையாக்கச் சொன்னேன்.