இணைக்காரணியும் ஒரு வரிசைக் குழப்பமும்

அக்கா மகள் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவளுக்கு யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்த கணிதக் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வரி: "அதிகப் பூச்சியங்கள் கொண்ட வரிசையைத் தேர்ந்தெடுத்துத் துணைக்காரணி விரிவாக்கம் செய்க."

"மாமா, இந்த அணியோட வரிசை நாலுக்கு நாலு. அதுல எந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பள்ளிப் பாடநூலில் வரிசை என்றால் அணியின் அளவு. குறுக்கே ஓடுவது நிரை, கீழ்நோக்கி இறங்குவது நிரல். மொழிபெயர்த்தவர் நிரையை வரிசை ஆக்கிவிட்டார், இணைக்காரணியைத் துணைக்காரணி ஆக்கிவிட்டார். ஒரே வரியில் இரண்டு சேதம். "துணைக்காரணி" என்பதை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் கோஃபேக்டர். 'ஃபேக்டர்' லத்தீனில் 'செய்' என்னும் வினையிலிருந்து வந்தது. பெருக்கற்பலனை ஆக்குவது என்று பொருள். நம் 'காரணி'யும் வடமொழியில் 'செய்' என்னும் வேரிலிருந்து வந்ததுதான். 'கோ' என்றால் உடன், சேர்ந்து. ஆக, ஒரு பெருக்கலில் உடன் நிற்கும் மற்றொரு காரணி. அணிக்கோவைக்கு 'டிடர்மினன்ட்' என்ற பெயரை இன்றைய பொருளில் 1812-இல் வழங்கியவர் கோஷி. இந்த விரிவு முறைக்கு லாப்லாசின் பெயரைச் சொல்வார்கள், அவர் கட்டுரை 1772. இலங்கையில் அணிக்கோவையைத் துணிகோவை என்கிறார்கள். துணிதல் என்றால் தீர்மானித்தல். சமன்பாட்டுத் தொகுதிக்கு ஒரே ஒரு தீர்வு உண்டா இல்லையா என்று துணிந்து சொல்லும் எண் என்பதால் அந்தப் பெயர் நம்முடையதைவிடப் பொருத்தம் என்றுகூட எனக்குத் தோன்றும். அது வேறு கதை.

சரி, 'உடன் நிற்கும் காரணி' என்றால் எதனுடன்? அவள் கொண்டுவந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

```
2   5   0   1
3  -1   4   2
0   3   0  -2
1   6   0   4
```

இந்த அணிக்கோவையை முழுதாக விரித்தால் 24 உறுப்புகள் வரும். ஒவ்வொன்றும் நான்கு எண்களின் பெருக்கல். ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஓர் எண், ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஓர் எண். இவற்றில் இரண்டாம் நிரையின் 4 இடம்பெறுபவை ஆறு. அந்த ஆறிலும் 4-ஐப் பொதுவாக வெளியே எடுத்துவிட்டால் அடைப்புக்குள் மிஞ்சுவது எதுவோ, அதுதான் 4-இன் இணைக்காரணி. 4 ஒரு காரணி, அடைப்புக்குள் இருப்பது அதன் இணை. இரண்டும் பெருக்கலில் சமமாக நிற்கின்றன. யாரும் யாருக்கும் கீழ் இல்லை.

இப்போது 'துணை'க்கு வருகிறேன். துணை ஆட்சியர், துணைத் தலைவர், துணைப்பாடம் என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு படி இறக்கம் இருக்கிறது. முதன்மையானது ஒன்று உண்டு, அதற்கு உதவியாக இது. உயிர்வேதியியலில் நொதிக்கு உதவும் பொருளைத் துணைக்காரணி என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை, அங்கே அது உதவிதான் செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் அங்கே பார்த்த சொல்லை இங்கே ஒட்டவைத்திருப்பார் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்றால் தமிழிலும் ஒரே சொல் என்று ஒரு நம்பிக்கை.

சொல்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அது கணக்கையே கெடுத்துவிட்டது. மருமகள் எழுதியிருந்தாள்: "உறுப்பு 0, எனவே அதன் துணைக்காரணியும் 0." தலைவன் இல்லாவிட்டால் துணைக்கு என்ன வேலை என்று அந்தச் சொல்லே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது! உண்மை அப்படி இல்லை. மூன்றாம் நிரை, மூன்றாம் நிரலில் இருக்கும் 0-வை எடுங்கள். அதன் நிரையையும் நிரலையும் அடித்துவிட்டு மீதியைக் கணக்கிட்டால் இணைக்காரணி −63 வருகிறது. அந்த 0-வை 400 ஆக மாற்றினாலும் அதே −63 தான். இணைக்காரணி தன் உறுப்பின் மதிப்பைப் பார்ப்பதே இல்லை, இடத்தை மட்டுமே பார்க்கிறது. உறுப்பு பூச்சியம் என்றால் பெருக்கற்பலன் பூச்சியமாகிவிடும், ஆகவே −63-ஐக் கண்டுபிடிக்கும் உழைப்பு நமக்கு மிச்சம். மிச்சமாவது உழைப்பு; இணைக்காரணி எங்கும் போய்விடவில்லை. நேர்மாறு காண்பதற்காகச் சேர்ப்பு அணி எழுதும்போது பதினாறு இணைக்காரணிகளும் வேண்டும், பூச்சியத்தின் இணை உட்பட. அங்கே 0 என்று போட்டால் மொத்தமும் போச்சு.

'இணை' எவ்வளவு பொருத்தம் என்பதற்குப் பதினொன்றாம் வகுப்புப் பண்பு ஒன்றே போதும். ஒரு நிரையின் உறுப்புகளை அவற்றின் சொந்த இணைக்காரணிகளால் பெருக்கிக் கூட்டினால் அணிக்கோவையின் மதிப்பு வரும். வேறொரு நிரையின் இணைக்காரணிகளால் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வரும். நம் கணக்கில் முதல் நிரை 2, 5, 0, 1. மூன்றாம் நிரையின் இணைக்காரணிகளில் முதலாவது 56, இரண்டாவது −28, நான்காவது 28. மூன்றாவதாக நிற்பது அதே −63, அது 0-வோடு சேருவதால் இங்கே பேசாது. 112 − 140 + 28 என்று கூட்டினால் பூச்சியம். தன் இணையோடு சேர்ந்தால் மதிப்பு, அயலான் இணையோடு சேர்ந்தால் ஒன்றுமில்லை. துணை என்று சொல்லி இதை விளக்கிப் பாருங்கள்.

நண்பர் ஒருவர், வடமொழிக் காரணியே வேண்டாம், 'உடன்பெருக்கி' என்று வைக்கலாம் என்கிறார். பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருக்கி என்றதும் எனக்கு ஒலிபெருக்கிதான் காதில் விழுகிறது. தலைமுறைகளாகப் பிள்ளைகள் எழுதிப் பழகிய சொல்லைத் தூய்மைக்காக மட்டும் தூக்கிப்போட எனக்கு மனமில்லை. வேறு சிலர் 'குறியிட்ட சிற்றணிக்கோவை' என்கிறார்கள். அது பெயர் இல்லை, செய்முறை. நிரையையும் நிரலையும் அடித்தால் கிடைப்பது சிற்றணிக்கோவை, அதற்கு (−1)^(i+j) என்ற குறியைச் சேர்த்தால் இணைக்காரணி. எப்படிச் செய்வது என்று சொல்கிறது, என்ன அது என்று சொல்லவில்லை.

இனி அந்த 'வரிசை'. "அதிகப் பூச்சியங்கள் கொண்ட நிரை" என்று ஒழுங்காக எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கில் அது பாதிதான் சரி. நிரைகளில் தேடினால் மூன்றாம் நிரையில் இரண்டு பூச்சியம், ஆகவே இரண்டு 3 × 3 சிற்றணிக்கோவைகள் போட வேண்டும். முதல் நிரையைப் பிடித்தால் மூன்று. ஆனால் மூன்றாம் நிரலைப் பாருங்கள்: 0, 4, 0, 0. ஒன்றே ஒன்று. விரிப்பதற்கு நிரையும் நிரலும் ஒன்றுதான் என்பதால் அங்கேதான் கை வைக்க வேண்டும். இரண்டையும் 'வரிசை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால் இவள் குறுக்கே மட்டும் தேடியிருக்கிறாள். 'நிரை' சங்க காலத்து ஆநிரையிலிருந்து யாப்பின் நிரையசை வரை நம்மிடம் புழங்கிய சொல். அதைப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். நிரலுக்கு வேறொரு சோதனை: கணினித் தமிழில் அது புரோகிராம் ஆகிவிட்டது. ஆக, இவள் காலையில் நிரல் எழுதுவாள், மாலையில் நிரல் வழியே விரிப்பாள். அதற்கு நான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கணக்கை முடிப்போம். 4 இருப்பது இரண்டாம் நிரை, மூன்றாம் நிரல். கூட்டினால் 5, ஒற்றைப்படை, ஆகவே குறி கழித்தல். அவற்றை அடித்தால் மிஞ்சுவது:

```
2  5   1
0  3  -2
1  6   4
```

இதிலும் பூச்சியத்தைத் தேடினால் இரண்டாம் நிரை. 3-க்குக் குறி கூட்டல்: 3 × (8 − 1) = 21. −2-க்குக் குறி கழித்தல்: −(−2) × (12 − 5) = 14. மொத்தம் 35. ஆகவே 4-இன் இணைக்காரணி −35, அணிக்கோவையின் மதிப்பு 4 × (−35) = −140. முழுக்க விரித்திருந்தால் பன்னிரண்டு 2 × 2 அணிக்கோவைகள் போட்டிருப்போம், இங்கே இரண்டோடு முடிந்தது.

மருமகளுக்கு முதலில் 28 வந்தது. எங்கே தவறினாள் என்றால், சிறிய அணிக்கோவைக்குள் போன பிறகும் 3-க்குப் பழைய இடத்தின் குறியைப் போட்டிருந்தாள். பெரிய அணியில் 3 இருந்தது மூன்றாம் நிரை, இரண்டாம் நிரல், அங்கே குறி கழித்தல். அடித்த பிறகு அது இரண்டாம் நிரைக்கு ஏறிவிட்டது, குறியும் மாறிவிட்டது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் குறிகளை இடது மேல் மூலையிலிருந்து கூட்டல், கழித்தல் என்று புதிதாகப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் வேறொரு நிரையில் ஒரு தடவை விரித்துப் பார்க்கலாம். மூன்றாம் நிரையில் 3 × (−28) + (−2) × 28, அதே −140.

பூச்சியமே இல்லாவிட்டால்? ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையோடு கூட்டினால் மதிப்பு மாறாது. 1 அல்லது −1 இருக்கும் நிரையைப் பிடித்து அதன் உதவியால் மற்றவற்றில் பூச்சியத்தை நாமே உண்டாக்கிக்கொண்டு பிறகு விரிக்கலாம். 10 × 10 என்று போனால் வெறும் விரிவில் 36,28,800 உறுப்புகள், அங்கே நிரைகளைக் கழித்துக் கழித்து முக்கோண அணியாக்குவதுதான் வழி. அந்தக் குறிப்பில் இதுவும் அடுத்த பக்கத்தில் இருந்தது. "வரிசைச் செயல்பாடுகள்" என்று தலைப்பு. படித்துவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அணியோட அளவை மாத்தணுமா மாமா?"